அட்டக்கில் சிந்து நதிக்குப் படகுப் பாலம் போட்ட விதம்: ஒரு முழுமையான வழிகாட்டி

இமயத்திலிருந்து இறங்கி வரும் சிந்து நதி, சமவெளியில் கிளை கிளையாகப் பிரிந்து அகன்று ஓடும். காபூல் நதி வந்து கலந்ததும் இரண்டின் நீரும் ஒன்றாகி, அட்டக் என்ற இடத்தில் பாறைக் கரைகளுக்கு நடுவே நெருங்கிப் பாயும். லாகூரிலிருந்து பெஷாவர் வழியாகக் காபூலுக்குப் போகும் பாதை இங்கேதான் ஆற்றைத் தாண்டுகிறது. 1581-ல் அக்பர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியதற்குக் காரணம் இந்தத் துறைதான். கோட்டையோடு நிறுத்தாமல், படகோட்டிகளையும் கொண்டுவந்து பக்கத்திலேயே குடியமர்த்தினார். அந்தக் குடியிருப்புக்கு மல்லாஹி டோலா என்று பெயர். மல்லா என்றால் படகோட்டி.

1883-ல் இரும்புப் பாலம் திறக்கும் வரை, குளிர்காலத்தில் இங்கே படகுகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் பாலம் போடுவது வழக்கம். சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் காலத்தில் அது எப்படி நடந்தது என்பதை, 1830-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் பயணம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அதற்குப் பதினேழு நூற்றாண்டுகள் முன்பு, கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியன் ரோமானியப் படை படகுப் பாலம் போடும் முறையைப் படிப்படியாக விவரித்திருக்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முழு வேலையும் கண்முன் வந்துவிடும். இடையிடையே நான் போடும் எடைக் கணக்குகள் தோராயமானவை. ஒரு சாதாரண ஆற்றுப் படகை மனதில் வைத்துப் போட்டவை.

முதலில் மாதம், பிறகுதான் இடம்

அட்டக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பாலம் போட முடியும் என்கிறார் பர்ன்ஸ். சிந்துவின் நீர் பெரும்பாலும் பனி உருகி வருவது. கோடையில் மலையில் பனி உருகும்போது ஆறு ஏறும், வேகமும் கூடும். குளிர்காலத்தில் மலை உறைந்து கிடக்க, ஆறு அடங்கும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. குளிர்காலத்தில் நிம்மதியாகத் தாங்கும் அதே வடமும் அதே நங்கூரமும் ஜூன் மாதத்தில் ஒரு பகலுக்குக்கூடத் தாங்காது. ஆகவே பாலம் போடுகிறவர் முதலில் தேர்ந்தெடுப்பது மாதத்தை.

இடத்தைத் தேர்வதில் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆறு குறுகும் இடத்தில் படகு குறைவாகப் போதும், ஆனால் நீர் ஆழம், வேகமும் அதிகம். அகன்ற இடத்தில் நீர் மெதுவாகப் போகும், ஆனால் படகு நிறைய வேண்டும், நடுவில் மணல்மேடும் வந்து தொலைக்கும். அட்டக் கோட்டைக்கு நேர் கீழே ஆற்றின் அகலம் 260 கஜம், அதாவது சுமார் 238 மீட்டர். அங்கே 24 படகு போதும். அக்கம்பக்கத்தில் வேறு இடத்தில் போட்டால் 37 வரை தேவைப்படும். ரஞ்சித் சிங் கையிருப்பில் வைத்திருந்ததும் சரியாக 37 படகுகள். எங்கே போட நேர்ந்தாலும் போதும் என்ற கணக்கு.

கரையும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வண்டியும் ஒட்டகமும் இறங்கி ஏறச் சரிவு வேண்டும், பெருக்கில் அரித்துப் போகாத மண்ணோ பாறையோ வேண்டும். அட்டக்கில் பாறைக்குப் பஞ்சமில்லை. கரையில் வடத்தைக் கட்டவும் அது உதவும், நங்கூரமாக இறக்கும் மரக்கூட்டில் நிரப்பக் கல்லுக்கும் அலைய வேண்டாம்.

படகுகளைச் சேர்ப்பதும் காவலில் வைப்பதும்

படகு கிடைத்தால் போதும் என்று எதையாவது கொண்டுவந்து நிறுத்த முடியாது. ஒரே உயரம், கிட்டத்தட்ட ஒரே அகலம் உள்ள படகுகள் வேண்டும். ஒன்று உயரமாகவும் அடுத்தது தாழ்வாகவும் இருந்தால் மேலே போடும் உத்தரம் ஏறி இறங்கி, ஒவ்வொரு படகின் மேலும் ஒரு மேடு வந்துவிடும். சுமை ஏற்றிய ஒட்டகம் அந்த மேட்டில் தயங்கி நிற்கும். பின்னால் வருவது முழுக்க அதோடு சேர்ந்து நிற்கும். அப்படி நிற்பது ஏன் ஆபத்து என்பதை எடைக் கணக்கில் பார்ப்போம்.

அடி தட்டையான படகு நல்லது. கூர்மையான அடி உள்ள கடல் தோணி அதே சுமைக்கு அதிகம் அமிழும், பக்கவாட்டில் ஆடவும் செய்யும். வெயிலில் கிடந்த மரப்படகின் பலகை இணைப்புகள் விரிந்திருக்கும் என்பதால், பாலத்தில் சேர்க்கும் முன் சில நாள் நீரில் கிடக்கவிட்டு ஊறவைக்க வேண்டும். ஊறிய மரம் உப்பி, இடுக்கு தானே அடையும். அதற்குப் பிறகும் நீர் கசியும் இடத்தை நாரும் பிசினும் வைத்து அடைக்கலாம்.

படகு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஆறு. 1832 மார்ச்சில் பர்ன்ஸ் வந்து சேர்ந்தபோது, அட்டக் கோட்டைக் காவல்படை சம்பள பாக்கி கேட்டுக் கலகம் செய்து, அதிகாரிகளை வெளியே துரத்தி, துறையில் இருந்த படகுகளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. மன்னரின் அனுமதியோடு வந்த பயணி பர்ன்ஸ். அவரே சில மைல் மேலே போய், படகில்லாமல் ஆற்றைத் தாண்ட வேண்டியதாயிற்று. படகுகளைப் பிடித்தால் மன்னருக்குச் செய்தி போய்ச் சேரும் என்பது அந்தச் சிப்பாய்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நங்கூரம்: கல் நிரப்பிய மரக்கூடு

பாலத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. மேலே போடும் பலகையை எந்த ஊர்த் தச்சரும் போட்டுவிடுவார். ஓடும் நீரில் 24 படகுகளை மாதக்கணக்கில் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் வித்தை.

கொக்கி போன்ற இரும்பு நங்கூரம் மணலிலும் சேற்றிலும் புதைந்து பிடிக்கும். அட்டக்கின் பாறைத் தரையில் அது வழுக்கிக்கொண்டே போகும், இல்லாவிட்டால் ஒரு பிளவில் மாட்டிக்கொண்டு எடுக்கவே வராது. அங்கே எடையால்தான் பிடிக்க முடியும். அதற்கு மல்லாக்கள் செய்தது இது: மரக்கட்டைகளால் ஒரு கூடு அடித்து, அதற்குள் கல்லை நிரப்பி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, படகிலிருந்து ஆற்றுக்குள் இறக்கினார்கள். 250 மணங்கு, அதாவது சுமார் 11 டன் எடை வரை என்கிறார் பர்ன்ஸ். ஒரு படகுக்கு நான்கு முதல் ஆறு கூடுகள். ஆழமோ 30 பாகத்துக்கும் மேல், ஏறத்தாழ 55 மீட்டர். போட்ட பிறகும் சும்மா இருக்காமல், புதிய கூடுகளை இறக்கிப் பிடிப்பை அவ்வப்போது பலப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். நம்ப முடியாத வேலை என்று அவரே வியக்கிறார்.

எனக்கும் முதலில் இது மிகையாகத்தான் பட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீருக்குள் மூழ்கிய கல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கும். 11 டன் கல் ஆற்றடியில் சுமார் 7 டன்னாகத்தான் அழுத்தும். பாறைமேல் உராய்வால் அது தாங்கும் இழுவிசை, அந்த அழுத்தத்தில் பாதி என்று வைத்தால், 3.5 டன். இப்போது படகின் பக்கம் வருவோம். மூன்று மீட்டர் அகலப் படகு, நீரில் அரை மீட்டர் அமிழ்ந்து, முகத்தை நீரோட்டத்துக்கு நேராக வைத்து நிற்கிறது. நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வரும் நீர் அதைத் தள்ளும் விசை வெறும் 100 கிலோ அளவுதான். அப்படியானால் ஒரு சிறிய கல்மூட்டையே போதுமே?

போதாது. ஆறு நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மலையிலிருந்து அடித்து வரும் மரம், வேர், புதர் எல்லாம் வந்து இரண்டு படகுகளுக்கு நடுவில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் சருகு. திறந்திருந்த இடைவெளி அணை போல அடைபட்டுவிடும். பத்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்துக்கு அப்படி அடைத்துக்கொண்டால், அதே இரண்டு மீட்டர் வேகத்திலேயே தள்ளும் விசை மூன்று டன்னைத் தொடும். நீர் மூன்று மீட்டர் வேகத்துக்கு ஏறினால் ஏழு டன். முப்பது, எழுபது மடங்கு. கூடுகளின் எடையைப் படகுக்காக மட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை. படகில் வந்து சிக்கப்போகும் குப்பையையும் சேர்த்துத்தான் தீர்மானித்தார்கள்.

1809 மே மாதம் வியன்னாவுக்குப் பக்கத்தில் டான்யூப் நதியில் நெப்போலியன் போட்ட பாலத்தை ஆஸ்திரியர்கள் உடைத்தது இந்த வழியில்தான். ஏறிக்கொண்டிருந்த ஆற்றில் மேலிருந்து மரங்களையும் சுமை ஏற்றிய படகுகளையும் மிதக்கும் மாவாலைகளையும் அவிழ்த்துவிட்டார்கள். பாலம் மீண்டும் மீண்டும் அறுந்தது. பாதிப் படை அந்தப் பக்கம், மீதி இந்தப் பக்கம் என்று நின்றுவிட, ஆஸ்பெர்ன் போரில் நெப்போலியன் பின்வாங்க நேர்ந்தது.

வடத்தின் நீளமும் கவனிக்க வேண்டிய விஷயம். வடம் நீளமாக, சாய்வாகப் போனால் இழுப்பு கிடைமட்டமாக இருக்கும். குட்டையாக, செங்குத்தாக இறங்கினால் அது படகின் அணியத்தை, அதாவது முன்முனையைக் கீழே இழுக்கும், அதோடு கூட்டையும் மேலே தூக்கப் பார்க்கும். 55 மீட்டர் ஆழத்தில் நல்ல சாய்வு வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான மீட்டர் வடம் ஒவ்வொரு படகுக்கும் தேவை. அவ்வளவு வடம் இல்லாத இடத்தில் எடையைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும். அத்தனை கனமான கூடுகளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

படகை அதன் இடத்தில் நிறுத்துவது

இந்த இடத்தில் ஆரியன் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர் வெறும் ஏட்டறிஞர் இல்லை. ரோமப் பேரரசின் கப்படோசியா மாகாணத்தை ஆண்டவர், படை நடத்தியவர். அவர் விவரிக்கும் முறை இப்படிப் போகிறது.

படகை மேல்பக்கமிருந்து நீரோட்டத்தோடு அவிழ்த்துவிடுவார்கள், பின்பக்கம் முன்னால் போகும்படி. அதன் அணியம் எப்போதும் மேல்நீரைப் பார்த்தே இருக்கும். ஆறு படகைக் கீழே இழுக்க, துடுப்புப் போடும் ஒரு சிறு படகு அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்து மெதுவாக்கும். குறித்த இடம் வந்ததும் அணியத்திலிருந்து கூம்பு வடிவப் பிரம்புக் கூடைகளை நீரில் தள்ளுவார்கள். அவற்றுக்குள் செதுக்காத கற்கள் நிரம்பியிருக்கும். கூடை தரை தட்டியதும் வடம் இறுகும், படகு நிற்கும்.

செதுக்காத கல் என்ற சிறு விவரத்தைக் கவனியுங்கள். முனைகள் தூக்கிய கல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூடைக்குள் நகராமல் இருக்கும், பிரம்பு இடுக்கு வழியாக வெளியே துருத்தித் தரையையும் பிடிக்கும். வழவழப்பான கூழாங்கல்லை நிரப்பினால் கூடை உருளும்.

முதல் படகு நின்றதும், அதன் பக்கத்தில் அடுத்த படகு அதே வழியில் வந்து நிற்கும். மேலே வரும் சுமையைத் தாங்குவதற்கு எவ்வளவு இடைவெளி சரியோ அவ்வளவு விட்டு. இரண்டும் நின்றவுடன் உத்தரத்தைப் போட்டுக் கட்டிவிட்டுத்தான் மூன்றாவது படகை அவிழ்ப்பார்கள். ஆக, பாலம் ஒரு கரையிலிருந்து ஒவ்வொரு கண்ணாக நீண்டுகொண்டு போகும். இதில் ஒரு வசதி: மரமும் பலகையும் கொண்டுபோக வேறு படகு வேண்டாம், போட்டு முடித்த பாலத்தின் மேலேயே தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

வேலை நடக்கும்போது ஒரே கூச்சல் என்கிறார் ஆரியன். ஒவ்வொரு படகிலிருந்தும் உற்சாகக் குரல், சுணங்குபவனுக்குத் திட்டு. ஆனாலும் உத்தரவு காதில் விழாமல் போகாது, வேலையும் தடைப்படாது என்று சேர்த்துச் சொல்கிறார். நேரில் பார்த்தவரின் தொனி அது.

கி.மு. 326-ல் அலெக்சாந்தர் சிந்துவைத் தாண்டியபோது, முன்னால் போன அவருடைய தளபதி ஹெபெஸ்தியான் பாலத்தைத் தயாராக வைத்திருந்தார். அது எப்படிப்பட்ட பாலம் என்று அலெக்சாந்தர் காலத்து எழுத்தாளர்கள் சொல்லாததால், படகுப் பாலமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கும் ஆரியன், அதற்குத் துணையாகத்தான் ரோமானிய முறையை விவரிக்கிறார். அட்டக்கில் மல்லாக்களின் வேலையைக் கேட்டறிந்த பர்ன்ஸுக்கு உடனே நினைவுக்கு வந்ததும் ஆரியனின் பக்கம்தான். பிரம்புக் கூடைக்குப் பதில் மரக்கூடு. வேறு வித்தியாசமே இல்லை என்று எழுதினார். ஒன்றைப் பார்த்து மற்றது வந்தது என்று நினைக்கத் தேவையில்லை. வேகமான ஆறு, கல் கிடைக்கும் கரை, மரப்படகு, புல் வடம் என்று இவ்வளவு மட்டும் கையில் இருந்தால், யார் யோசித்தாலும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நிற்பார்கள்.

உத்தரம், பலகை, மண்

238 மீட்டர் ஆற்றில் 24 படகு என்றால், ஒரு படகின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்குச் சுமார் ஒன்பதரை மீட்டர். படகின் அகலம் மூன்று மீட்டர் என்றால் இடையில் ஆறரை மீட்டர் திறந்த நீர். உத்தரம் அந்த இடைவெளியை மட்டும் தாண்டினால் போதாது. படகின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீண்டு, இரண்டு விளிம்பிலும் கட்டப்பட வேண்டும். ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்தால், சுமை வரும்போது படகு அந்தப் பக்கம் சாயும், சுமை தாண்டியதும் மறுபக்கம் சாயும். இரண்டிலும் கட்டினால் படகு ஆடாமல் நேராக அமிழும். பக்கத்துப் படகும் சுமையில் கொஞ்சத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

கட்டுக்கு ஆணியைவிடக் கயிறே மேல். பாலம் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். ஆணி அடித்த இடம் தளர்ந்து பிடுங்கிக்கொள்ளும், கயிறு அசைவுக்கு இடம் கொடுக்கும். பஞ்சாபின் ஆறுகளில் முஞ்சிப் புல்லில் திரித்த கயிறு நீரில் நன்றாக உழைக்கும் என்று பேர் பெற்றது.

உத்தரங்களின் மேல் குறுக்கே பலகை. பலகைமேல் மண். இந்த மண் எதற்கு? குதிரையும் ஒட்டகமும் வெற்றுப் பலகையில் கால் வைக்கத் தயங்கும். குளம்பு எழுப்பும் சத்தமும், இடுக்கில் தெரியும் ஓடும் நீரும் அவற்றை மிரட்டும். மண் போட்டால் சத்தம் அடங்கும், நீர் தெரியாது, கால் வழுக்காது, பலகையும் தேயாது. நடப்பது பாலத்தில் என்றே விலங்குக்குத் தெரியாது.

ஆனால் மண்ணுக்கு எடை உண்டு. ஒரு படகின் பங்குக்கு வரும் ஒன்பதரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் எட்டு சென்டிமீட்டர் மண் போட்டால் நான்கு டன். அதன் கீழே உள்ள உத்தரமும் பலகையும் சேர்ந்தே மூன்று டன்தான். பாதையின் எடையில் பாதிக்கு மேல் மண்ணே. மழை பெய்து ஊறினால் இன்னும் ஏறும். அதனால் மண் எவ்வளவு போடலாம் என்பதைத் தச்சரிடம் விடாமல், படகின் விளிம்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

பாலம் எவ்வளவு தாங்கும்

12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலப் படகை எடுத்துக்கொள்வோம். முனைகள் ஒடுங்கியிருப்பதால், நீர்மட்டத்தில் அதன் பரப்பு சுமார் 25 சதுர மீட்டர். அது 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் இரண்டரை டன் நீரை ஒதுக்கும், அதாவது இரண்டரை டன் சுமையைத் தாங்கும். இந்த ஒரு எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

படகின் சொந்த எடை 4 டன், அதற்கு 16 சென்டிமீட்டர். பாதையின் எடை 7 டன், அதற்கு 28. ஆக யாரும் ஏறும் முன்பே 44 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்டது. படகின் பக்கப்பலகை ஒரு மீட்டர் உயரம் என்றால் நீருக்கு மேல் 56 சென்டிமீட்டர் மிச்சம். அலைக்கும் ஆட்டத்துக்கும் 30 சென்டிமீட்டரைத் தொடாமல் விட்டால், சுமைக்குக் கிடைப்பது 26. ஆறரை டன்.

நான்கு டன் யானை ஒன்று தாராளமாகப் போகலாம். ஒரே படகின்மேல் இரண்டு யானை கூடாது. 1561-ல் ஆக்ராவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இளவயது அக்பர் ஹவாய் என்ற முரட்டு யானையின் மேல் ஏறி, ரண் பாகா என்ற இன்னொரு யானையோடு மோதவிட்டார். தோற்ற யானை யமுனையின் படகுப் பாலத்தில் ஏறி ஓட, ஹவாய் துரத்திக்கொண்டு பின்னால் ஏறியது. படகுகள் அமிழ்வதும் எழுவதுமாக இருந்ததை அபுல் ஃபசல் அக்பர்நாமாவில் எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியை பசாவன், சதர் என்ற ஓவியர்கள் தீட்டிய படம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாலம் நடுவில் நெளிவதும், படகுகள் சரிவதும், ஆட்கள் நீரில் விழுந்து தத்தளிப்பதும் அதில் தெளிவாகத் தெரியும். அரண்மனை ஓவியங்களில் படகுப் பாலத்தின் கட்டுமானத்தைப் பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

யானையாவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. மனிதக் கூட்டம் அதைவிட மோசம். வரிசைக்கு மூன்று பேர், வரிசைக்கு வரிசை ஒரு எட்டு இடைவெளி என்று சிப்பாய்கள் நடந்தால், ஒரு படகின் பங்குக்கு 24 பேர், இரண்டு டன்கூட வராது. அதே படை முன்னால் ஏதோ தடையால் நின்று, பின்னால் வருபவர்கள் நெருக்கி, சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்று அடைந்தால், ஒரு படகின்மேல் நூற்றுக்கும் அதிகமானோர். எட்டு டன். இரண்டு யானையின் எடை.

ஆகவே விதிகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே வரும்: பாலத்தின் மேல் நிற்காதே. ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் போக்குவரத்து. குதிரை வீரர்கள் இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். காலை எடுத்து வைத்து ஒரே தாளத்தில் நடக்கக் கூடாது, தாளம் பாலத்தை ஊஞ்சலாட்டும். பீரங்கி வண்டிகள் ஒன்றுக்கொன்று குறைந்தது இரண்டு படகு தூரம் விட்டுப் போக வேண்டும். வணிகர் கூட்டம் வந்தால், ஒட்டகங்களைக் கரையில் நிறுத்திச் சிறு சிறு கோவையாகப் பிரித்து அனுப்ப வேண்டும். காபூல் பக்கமிருந்து குதிரையும் உலர்பழமும் வரும் காலமும் குளிர்காலம்தான் என்பதால், பாலத்துக்குப் படை இல்லாத நாளிலும் ஓய்வு கிடையாது. சுங்கம் வாங்கும் இடம் கரையிலேயே இருப்பது கருவூலத்துக்கு மட்டுமின்றிப் பாலத்துக்கும் நல்லது. கூட்டம் அங்கேயே வடிகட்டப்படும்.

கரையோடு சேர்ப்பது

பாலத்தில் அடிக்கடி உடையும் இடம் நடு ஆறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் கரையோரம்தான் உடையும். ஆற்றுமட்டம் ஏறினால் படகு ஏறும், கரை ஏறாது. நிலையாகக் கட்டிய சரிவுப்பலகை ஒரு மழைக்குப் பிறகு பிளந்துவிடும். ஆரியன் இரண்டு முனையிலும் ஏணி போன்ற சரிவுகளைப் பொருத்துவார்கள் என்கிறார். குதிரையும் சுமை விலங்கும் பயமின்றி ஏறவும், பாலத்தை இழுத்துப் பிடிக்கவும் அவை உதவும். சரிவின் ஒரு முனை கரையில் நகரக்கூடியதாகவும், மறு முனை முதல் படகில் கட்டியதாகவும் இருப்பது நல்லது. மட்டம் இறங்கும்போது கரையோரப் படகு தரை தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். தட்டிய படகின்மேல் சுமை ஏறினால் அடிப்பலகை கல்லில் குத்தி உடையும்.

இத்தனையும் முடிக்க அட்டக்கில் வழக்கமாக ஆறு நாள். மூன்றே நாளில் முடித்ததும் உண்டு. படகும் மரமும் ஆளும் முன்பே தயாராக இருந்தால்தான் அது நடக்கும்.

தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் கரையில் நின்று பாலத்தின் நீளத்துக்கு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். படகுகளின் வரிசை முழுவதும் கீழ்நீர் பக்கம் லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை, வடங்கள் எல்லாம் ஒரே மாதிரி நீண்டிருக்கின்றன. ஒரு படகு மட்டும் கீழே தள்ளிப் போயிருந்தால் அதன் கூடு நகர்கிறது அல்லது உடைந்துவிட்டது. உடனே அந்தப் படகுக்குப் புதிய கூடு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பாரம் இரண்டு பக்கத்துப் படகுகளின் வடங்களில் விழும், அவையும் நகரும், அப்புறம் வரிசையாகப் போகும்.

ஒரு படகின் அணியம் மட்டும் தாழ்ந்திருந்தால் ஆறு ஏறியிருக்கிறது, வடம் குட்டையாகிவிட்டது. வடத்தைக் கொஞ்சம் தளர்த்தி விட வேண்டும். படகு முழுவதும் தாழ்ந்திருந்தால் கசிவு. ஒவ்வொரு படகிலும் நீர் இறைக்க ஒருவர் இருப்பது அதற்காகத்தான். மேல்நீரில் கொக்கியும் கயிறுமாக ஒரு காவல் படகு நின்று, மிதந்து வரும் மரத்தைப் பிடித்துக் கரைக்கு ஒதுக்க வேண்டும். இரவிலும்.

எதிரி இருந்தால் காவல் இரண்டு கரையிலும் வேண்டும். 1823 மார்ச்சில் சீக்கியப் படையின் முன்னணி அட்டக்கில் பாலத்தைத் தாண்டிப் போன பிறகு ஆப்கானியர்கள் பாலத்தை அழித்துவிட்டார்கள். பின்னால் வந்த ரஞ்சித் சிங், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட தன் ஆட்களைக் காப்பாற்ற, குளிர்ந்த ஆற்றில் படையை நேரடியாக இறக்க வேண்டியதாயிற்று. நீரில் பலரை இழந்தே கரை சேர்ந்தார்கள்.

ஆறு ஏறுவதைவிட, காரணமில்லாமல் இறங்குவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 1841-ன் தொடக்க மாதங்களில் அட்டக்கில் சிந்து வழக்கத்துக்கு மாறாக வற்றிக் கிடந்தது. மேலே நங்கபர்பத் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஆற்றை அடைத்திருந்தது, அதன் பின்னால் பெரிய ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் அந்த அடைப்பு உடைந்தது. அட்டக்குக்குப் பக்கத்தில் சச் சமவெளியில் முகாமிட்டிருந்த சீக்கியப் படையை, சேறும் மரமும் கலந்த நீர்ச்சுவர் ஒன்று வாரிக்கொண்டு போயிற்று. பனி உருகும் மாதத்தில் ஆறு இளைத்துக் கிடந்தால், பாலம் போட வசதி என்று சந்தோஷப்படாமல், ஆளையும் படகையும் மேட்டுக்கு ஏற்ற வேண்டும்.

பிரிப்பது

ஏப்ரலில் நீர் கலங்கி, மட்டம் நாளுக்கு நாள் ஏறத் தொடங்கினால் பிரிக்கும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் மண்ணை வழித்து எறிந்தால் பாதி எடை போய்விடும், படகுகள் எழும்பும், கட்டுகளை அவிழ்ப்பது சுலபம். பிறகு பலகை, பிறகு உத்தரம், போட்டதற்கு நேர் எதிர் வரிசையில், அதாவது கடைசியாகப் போட்ட கண்ணிலிருந்து தொடங்கி. உத்தரம் நீங்கிய படகை வடம் அவிழ்த்துக் கீழ்நீரோடு சாய்வாகக் கரைக்கு ஓட்டுவார்கள். நல்ல மரங்களை அடையாளமிட்டு, பெருக்கு எட்டாத மேட்டில் அடுக்கி வைத்தால் அடுத்த நவம்பரில் அளவெடுக்கும் வேலை மிச்சம்.

கோடை முழுக்க அதே படகுகளில் சிலதே ஓடமாக ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு அட்டக்குக்கும் எதிர்க்கரை கைராபாதுக்கும் இடையே போய்வரும். காபூல் நதி வந்து மோதும் இடத்துக்குக் கீழே கமாலியா, ஜலாலியா என்ற இரண்டு பாறைகளையொட்டி நீர் சுழித்துக்கொண்டு போகும், அந்தச் சுழலில் ஓடத்தை விடாமல் கடப்பது மல்லாக்களின் கோடைகால வேலை.